மூன்றில் ஒரு பங்கும் ஒரு வாட்ஸ்அப் வாழ்த்தும்

ஒரு வாழ்த்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பக்ரீத் காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஏறக்குறைய இதே வடிவத்தில்தான் வரும்:

"அனைவருக்கும் ஈத் முபாரக்! இறைவனின் கட்டளைப்படி ஆட்டை அறுத்துப் பலியிட்டு, ஏழை எளியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வழங்கும் இந்த நன்னாளில் அனைவரும் எங்கள் இல்லத்துக்கு வருக. பிரியாணி ரெடி!"

மேலே ஒரு மசூதி, ஒரு மெல்லிய பிறை, கீழே ஒரு வெள்ளாட்டின் படம். எழுதியவரின் மனதில் நல்லெண்ணம் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் இந்த நான்கு வரிக்குள் ஐந்தாறு இடங்களில் கால் இடறுகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால், பகிர்தலைச் சொல்லும் வாழ்த்து ஒன்றை எப்படி எழுதுவது என்பது தானாகப் பிடிபடும்.

முதலில் அந்தப் பிறை. மெல்லிய பிறை நோன்புப் பெருநாளுக்கு உரியது. ரமலான் மாதம் முடிந்து ஷவ்வால் முதல் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். அதனால் அந்தப் படம் அங்கே பொருந்தும். பக்ரீத் வருவது துல்ஹஜ் மாதம் 10ஆம் நாள். அன்றிரவு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் வானத்தில் பாதிக்கு மேல் நிறைந்த நிலா இருக்கும். பிறைப் படத்தைப் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் "முப்பது நாள் நோன்பிருந்து" என்று தொடங்கும் ரமலான் வாழ்த்தையே எடுத்து பக்ரீத்துக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் படத்தில்தான் முதலில் வழுக்குகிறார்கள். பக்ரீத்துக்கு முன் முப்பது நாள் நோன்பு கிடையாது. முந்தைய நாளான அரஃபா நாளில் ஹஜ்ஜுக்குப் போகாதவர்கள் விரும்பி வைக்கும் நோன்பு ஒன்று உண்டு, அவ்வளவுதான். ஃபித்ராவும் நோன்புப் பெருநாளுக்கு உரிய தர்மம். பக்ரீத்துக்கு உரியது குர்பானி.

பிறை பத்து நாள் முன்பே தெரிந்துவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. நோன்புப் பெருநாள் என்றைக்கு என்பது முந்தைய இரவு வரை உறுதியாகத் தெரியாது. பக்ரீத் தேதியோ துல்ஹஜ் முதல் பிறையிலேயே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவித்த பிறகு கையில் ஒன்பது பத்து நாள் இருக்கும். ஆகவே அவசரமாக எங்கிருந்தோ வந்த படத்தைத் தள்ளிவிட வேண்டிய தேவை இல்லை. வளைகுடாவில் இருக்கும் உறவினர் பெரும்பாலும் ஒரு நாள் முன்னதாகக் கொண்டாடுவார். அவர் அனுப்பியதைப் பார்த்து இங்கே ஒரு நாள் முன்பே வாழ்த்திவிடுவது மட்டும் அடிக்கடி நடக்கும் பிசகு.

அடுத்து, பெயர். பக்ரீத் என்றாலே எல்லோருக்கும் புரியும், தயங்காமல் எழுதலாம். தமிழ் முஸ்லிம் வீடுகளுக்குள் புழங்கும் பெயர் ஹஜ்ஜுப் பெருநாள். தியாகத் திருநாள் என்பது மேடையிலும் பத்திரிகையிலும் அதிகம். கலந்த குழுவுக்கு "பக்ரீத் வாழ்த்துகள்" போதும். பெருநாள் என்ற சொல்லையும் எங்காவது சேர்த்தால் வீட்டு வாசம் வந்துவிடும். "தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்" என்பது முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பிரார்த்தனை: எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும் என்று பொருள். குர்பானியோ தொழுகையோ செய்தவர்களுக்கு இடையே அது பொருந்தும். குழுவில் போட்டால் பாதிப் பேர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் ஒரு கைகூப்புப் படத்தைப் போட்டு நகர்வார்கள்.

இப்போது "ஆட்டை அறுத்துப் பலியிட்டு." இந்த வரியை நான் முழுதாக எடுத்துவிடுவேன். சைவ வீடுகள் உள்ள குழுவில் காலை ஏழு மணிக்கு இதைப் படிப்பது சங்கடம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பெருநாளின் கருத்து அந்த வரியில் இல்லை என்பது. குர்ஆனில் ஹஜ் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் அவற்றின் இறைச்சியும் இரத்தமும் இறைவனைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது என்று சொல்கிறது. அதற்கு முந்தைய 36ஆம் வசனம் உண்ணச் சொல்லிவிட்டு, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேரைக் குறிப்பிடுகிறது: இருப்பதைக் கொண்டு பேசாமல் இருப்பவர் ஒருவர், வாய்விட்டுக் கேட்பவர் மற்றொருவர். பகிர்தலைப் பற்றி வாழ்த்து எழுத நினைப்பவருக்கு இந்த இருவரைவிட நல்ல பிடி கிடைக்காது. கேட்பவர் வாசலுக்கு வந்துவிடுவார். கேட்காதவர் அதே மாடியில் மூன்றாவது கதவுக்குப் பின்னால் இருப்பார்.

இப்ராஹீம் நபியின் கதையை எவ்வளவு சொல்வது? ஒரு வரி. தம் மகனையே கொடுக்கத் துணிந்தார், மகனுக்குப் பதில் ஒரு பிராணி ஏற்கப்பட்டது. குழுவில் கிறிஸ்தவ நண்பர்கள் இருந்தால் இந்தக் கதை அவர்களுக்கும் சொந்தக் கதை. ஆபிரகாம் என்ற பெயரில் படித்திருப்பார்கள். வேதாகமத்தில் அந்த மகன் ஈசாக்கு. முஸ்லிம் மரபில் இஸ்மாயீல் நபி. குர்ஆன் அந்த இடத்தில் மகனின் பெயரைக் குறிப்பிடவில்லை. வாழ்த்தில் "தம் மகனை" என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெயரைப் போட்டால் யாராவது ஒருவர் திருத்த வருவார், பெருநாள் காலை அந்த விவாதத்திலேயே போய்விடும்.

"ஏழை எளியவர்களுக்கு" என்ற சொல்தான் உண்மையில் சுடக்கூடியது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பட்டியலைத் திறந்து பாருங்கள். காவலாளியின் எண் இருக்கும், தண்ணீர் மோட்டார் பார்ப்பவர் இருப்பார், தூய்மைப் பணி செய்யும் அக்காவின் எண்ணும் இருக்கலாம். மாலையில் உங்கள் வீட்டிலிருந்து அவர்கள் கைக்கு ஒரு பொட்டலம் வரும்போது, காலையில் படித்த "ஏழை எளியவர்" தான்தான் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒன்று, உறவினர் நண்பர் அண்டை வீட்டாருக்கு ஒன்று, வறியவர்களுக்கு ஒன்று என்ற மூன்று பங்கு வழக்கம் வீட்டுக்குள் கணக்குப் போட மட்டுமே. எந்தப் பங்கிலிருந்து வந்தது என்று பொட்டலத்தின் மேல் எழுதப்படுவதில்லை. வாழ்த்திலும் எழுத வேண்டாம். "பகிர்ந்துகொள்கிறோம்" என்றால் போதும்.

மீதி இருப்பது "அனைவரும் வருக, பிரியாணி ரெடி." இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பகிர்தலைச் சொல்லும் வாழ்த்து பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான்.

24 வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் ஒரு வெள்ளாட்டைக் குர்பானி கொடுக்கிறது. உயிர் எடை 28 கிலோ. தோல், தலை, கால், குடல் போக எலும்போடு சேர்ந்த கறி உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். இங்கே பன்னிரண்டரை கிலோ என்று வைப்போம். முதல்முறை குர்பானி கொடுக்கும் வீட்டில் எல்லோரும் திகைப்பது இந்த எண்ணில்தான், ஆட்டைப் பார்க்கும்போது இருபது கிலோவாவது தேறும் என்று தோன்றும். மூன்றால் வகுத்தால் ஒரு பங்கு நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

வறியவர்களுக்கான பங்கைத் தொடாமல் ஓரமாக வைத்துவிடுங்கள். அரை அரை கிலோவாக எட்டுப் பொட்டலம். அது வேறு யாருக்கும் போகாது. அடுத்த நான்கு கிலோ உறவினருக்கும் நண்பருக்கும் அண்டை வீட்டாருக்கும் உரியது. சொந்தக்காரர் வீடு ஐந்துக்கு அரை கிலோ வீதம் கொடுத்தாலே இரண்டரை கிலோ போயிற்று. மிஞ்சுவது ஒன்றரை கிலோ. குடியிருப்பில் கறி சாப்பிடும் வீடுகள் பதினைந்து என்றால், வீட்டுக்கு நூறு கிராம். நூறு கிராம் கறியை ஒரு கவரில் போட்டு யாருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே சிலருக்கு அரை கிலோ போகிறது, சிலருக்கு ஒன்றும் போவதில்லை. காலையில் "அனைவரும்" என்று எழுதியிருந்தால் மாலையில் விடுபட்ட வீடுகளின் எண்ணிக்கை பன்னிரண்டு.

பச்சைக் கறியாகப் பகிர நினைத்தால் இந்தக் கணக்கு எப்போதும் உதைக்கும். சமைத்தால் உதைக்காது. அந்த ஒன்றரை கிலோவோடு வீட்டுப் பங்கிலிருந்து ஒன்றரை கிலோவைச் சேர்த்து மூன்று கிலோவாக்குங்கள். கிலோவுக்குக் கிலோ சீரகச் சம்பா அரிசி போட்டு தம் போட்டால் ஒன்பது, பத்து கிலோ பிரியாணி இறங்கும். பதினைந்து வீட்டுக்கும் தலா அறுநூறு கிராம், அதாவது இரண்டு பேர் நன்றாகச் சாப்பிடும் ஒரு டப்பா. வீட்டுப் பங்கில் இன்னும் இரண்டரை கிலோ இருக்கும். ஈரல் வறுவல், தலைக்கறி, கால் பாயா எல்லாம் தனி.

வீட்டுப் பங்கைக் குறைப்பதில் தவறேதும் இல்லை. மூன்றாகப் பிரிப்பது நல்ல வழக்கம், கட்டாய அளவு அல்ல. நபிகளார் காலத்தில் ஓராண்டு குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்டது. வறிய நாட்டுப்புற மக்கள் கூட்டமாக மதீனாவுக்கு வந்திருந்ததுதான் காரணம். அந்த நெருக்கடி தீர்ந்ததும் உண்ணுங்கள், தர்மம் செய்யுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று தடை நீக்கப்பட்டது. சுற்றியிருப்பவர் தேவைக்கு ஏற்பப் பங்கு கூடலாம், குறையலாம் என்பதற்கு இதைவிட நேரடியான முன்மாதிரி வேண்டியதில்லை. ஆனால் நேர்ச்சைக் குர்பானி என்றால் கதை வேறு. வேண்டுதலுக்காக நேர்ந்துகொண்ட பிராணியில் வீட்டார் உண்ணக் கூடாது, முழுதும் வறியவர்களுக்கே போக வேண்டும். அதிலிருந்து பிரியாணி டப்பா கட்ட முடியாது.

முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்குக் குர்பானி இறைச்சியையே கொடுக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் எழும். முஸ்லிம் சட்ட மரபுகளை மத்ஹப் என்பார்கள். அவற்றில் ஹனஃபி மத்ஹபில் தடையில்லை. ஷாஃபி மத்ஹபின் பிற்கால நூல்கள் சில கூடாது என்கின்றன, அதே மத்ஹபில் அனுமதிக்கும் கருத்தும் உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம், உள்நாட்டில் ஹனஃபிகள் அதிகம். அதனால் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் காணலாம். சந்தேகம் உள்ளவர் தங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். கொடுக்கத் தயங்கும் வீட்டுக்கு எளிய வழி இருக்கிறது: அண்டை வீட்டு டப்பாவுக்கு மூன்று கிலோ கறியைக் கடையில் தனியாக வாங்கிச் சமைத்துவிடுவது. இதனால்தான் வாழ்த்தில் "குர்பானிக் கறி" என்று எழுதாமல் "பெருநாள் சாப்பாடு" என்று எழுதச் சொல்கிறேன். அது எந்த வீட்டுக்கும் உண்மையாக இருக்கும்.

அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதற்கே தயங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. அபூதாவூத், திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்புகளில் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்ட நிகழ்ச்சி வருகிறது. வீட்டுக்குள் வந்ததும் அவர் கேட்டது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று. திரும்பவும் கேட்டார். அண்டை வீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் வலியுறுத்திக்கொண்டே இருந்ததில் அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நினைத்தேன் என நபிகளார் சொன்னதைக் காரணமாகச் சொன்னார். அது குர்பானி ஆடு என்று அந்தச் செய்தியில் இல்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நியாயம்.

அளவு தெரிந்துவிட்டது. அடுத்து, நேரம். "மதியம் பிரியாணி" என்று காலையில் எழுதிவிட்டு நான்கு மணிக்கு டப்பா கொடுக்கும் வீடுகள்தான் அதிகம். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பெருநாள் தொழுகை முடிந்த பிறகே குர்பானி கொடுக்க முடியும், அதற்கு முன் அறுத்தால் அது குர்பானி ஆகாது. தொழுகை எட்டு மணிக்கு முடிந்தாலும், அறுப்பவர் ஐந்தாறு வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருப்பார். கறி வெட்டி வீட்டுக்கு வரும்போது பதினொன்று, பன்னிரண்டு. பிறகு பிரிக்க வேண்டும், எடை போட வேண்டும், சமைக்க வேண்டும். இதற்கிடையில் "மதியம்" என்று நம்பிய பக்கத்து வீட்டார் உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு சிக்கல் கறிக்குள்ளேயே இருக்கிறது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். விறைப்பு தளர ஒரு முழுநாள் வரை ஆகலாம். அந்த விறைப்பில் எடுத்துச் சமைத்த கறிதான் ரப்பர் மாதிரி பல்லுக்கு அகப்படாமல் நழுவும். ஆடு கிழடு என்று ஆட்டின் மேல் பழி விழும். பெருநாள் அன்று முதலில் ஈரலை வறுப்பது வழக்கமாக இருப்பதில் ஒரு சமையல் நியாயமும் உண்டு. ஈரலுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

ஆகவே அண்டை வீட்டுப் பிரியாணியை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். பெருநாள் ஒரே நாளில் முடிந்துபோவதில்லை, அதற்கு அடுத்த மூன்று நாட்களும் உண்டு மகிழும் நாட்கள்தான். குர்பானி கொடுப்பதற்கே ஹனஃபிகளுக்கு 12ஆம் நாள் மாலை வரையும் ஷாஃபிகளுக்கு 13ஆம் நாள் மாலை வரையும் நேரம் இருக்கிறது. 2025இல் பக்ரீத் ஜூன் 7, சனிக்கிழமை வந்தது. அப்படி வந்தால் ஞாயிறு மதியம் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கறியும் ஓர் இரவு குளிர்பெட்டியில் தளர்ந்திருக்கும். அன்றைய தேதிக்கே இதை எழுதிப் பார்ப்போம்.

அதற்கு முன் சைவ வீடுகள். இவர்களுக்கு வெஜிடபிள் பிரியாணி அனுப்புவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். கறி சமைத்த அதே அடுக்களையில், அதே கரண்டியில் செய்தது என்று தெரிந்தால் சிலர் வாங்கிக்கொண்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மறுக்க மனம் வராமல் வாங்கியிருப்பார்கள். முழுப் பழம் எந்த அடுக்களைக்குள்ளும் போவதில்லை. இப்போதைக்கு பக்ரீத் மே, ஜூனில் வருகிறது, மாம்பழக் காலம். வீட்டுக்கு ஒரு கிலோ பழம், இமாம்பசந்து கிடைத்தால் இன்னும் அழகு, பெயரும் பொருத்தம். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால் சில ஆண்டுகளில் இந்த வசதி போய்விடும், அப்போது வாழைப்பழமோ ஆரஞ்சோ பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வீடு சைவம் என்று தெரியாவிட்டால் குழுவில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அந்த வசதி இருக்கிறது, சுலபமாகத்தான் தெரியும். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சைவம், வெளியில் கறி என்று இருக்கும் மகன் அதில் விரல் வைக்க மாட்டான். அவன் அம்மாவும் அந்தக் குழுவில் இருப்பார். "எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்" என்று கேட்பதே சரி.

இப்போது எழுதலாம்:

"எல்லோருக்கும் பக்ரீத் வாழ்த்துகள். தம் மகனையே கொடுக்கத் துணிந்த இப்ராஹீம் நபியை நினைக்கிற பெருநாள் இது. கையில் இருப்பதில் ஒரு பங்கை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் பகிர்வது இந்த நாளின் வழக்கம். நாளை ஞாயிறு மதியம் 12.30 மணிக்குள் எங்கள் பெருநாள் சாப்பாடு உங்கள் வீட்டுக்கு வரும்: மட்டன் பிரியாணி, சைவம் என்றால் மாம்பழம். எது என்று இன்று இரவு 8 மணிக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஊரில் இல்லாதவர்களும் சொல்லிவிடுங்கள். ஈத் முபாரக். இரண்டாம் மாடி, 2பி வீட்டிலிருந்து."

இதில் யாரும் யார் வீட்டுக்கும் வர வேண்டியதில்லை, சாப்பாடுதான் போகிறது. நேரம் இருக்கிறது, எது வரும் என்று இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல ஒரு கதவும் இருக்கிறது. ஏழை என்ற சொல் இல்லை. காவலாளி இதைப் படித்தால் தனக்கும் ஒரு டப்பா உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார், உண்டும்தான். அவருக்கான அரை கிலோ பொட்டலம் தனிக் கணக்கு. அதை இந்த டப்பாவோடு சேர்த்துக் கொடுக்காமல் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஆனால் அறையில் அடுப்போ குளிர்பெட்டியோ இல்லாதவருக்குப் பச்சைக் கறி பாரம். முன்பே கேட்டு, அவர் பங்கையும் சமைத்தே கொடுக்கலாம்.

கூட்டுக் குர்பானியில் பங்கு சேர்ந்த வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டிலோ ஒட்டகத்திலோ ஏழு பேர் வரை பங்கு சேரலாம். அப்படி வந்த இறைச்சி என்றால் வாங்குகிறவருக்கு அதை வாய்விட்டுச் சொல்லியே தீர வேண்டும். பொதுவாக "கறி" என்று சொல்லிக் கொடுத்து, மாட்டிறைச்சி உண்ணாத வீட்டில் அது சமைக்கப்பட்டால் அதன் பிறகு எந்த வாழ்த்தும் அந்த வீட்டில் எடுபடாது. கலந்த குழுவுக்கான சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியையே பயன்படுத்துவது தலைவலி இல்லாத வழி.

பொட்டலம் கட்டுவதில் ஒரு விஷயம். அறுத்த கறி வீட்டுக்கு வரும்போது உள்ளே இன்னும் உடல்சூடு இருக்கும். அப்படியே பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் பை உள்பக்கம் வியர்க்கும், மே மாத வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்த வாடை வரத் தொடங்கும். அகலமான தாம்பாளங்களில் பரப்பி விசிறிக்குக் கீழே ஆறவிட்டு, உடனே பிரித்துக் கொடுங்கள். குளிர்பெட்டியில் வைப்பதையும் மொத்தமாக ஒரே உருண்டையாக வைக்க வேண்டாம், நடுப்பகுதி குளிர வெகு நேரம் ஆகும். தட்டையாக, இடைவெளி விட்டு வையுங்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழையிலையில் சுற்றி மேலே காகிதம் கட்டினால் வேலை முடிந்தது. பிரியாணிக்கு எவர்சில்வர் டப்பா நல்லது.

பெருநாள் கொண்டாடாத பக்கத்திலிருந்து வாழ்த்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. "பக்ரீத் வாழ்த்துகள்" என்று போட்டு, அதன் கீழே "பிரியாணி எங்கே?" என்று ஒரு சிரிப்புப் படம் போடுவது அனேகமாக எல்லாக் குழுவிலும் நடக்கிறது. நெருங்கிய நண்பனிடம் தனியாகக் கேட்டால் அது உரிமை. நாற்பது பேர் பார்க்கும் குழுவில் கேட்டால், அந்த வீடு இந்த ஆண்டு குர்பானி கொடுக்க முடியாத நிலையில் இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். குர்பானி எல்லா முஸ்லிம்கள் மேலும் விழுந்த கடமை இல்லை. ஹனஃபி மத்ஹபில் குறிப்பிட்ட அளவு செல்வம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது கடமை. ஷாஃபியில் அது வலியுறுத்தப்பட்ட நபிவழி, அதுவும் வசதி உள்ளவருக்கு. "ஆடு வாங்கியாச்சா, எவ்வளவு?" என்ற விசாரிப்பும் இதே வகைதான். கேட்கிறவருக்குப் பேச்சு, பதில் சொல்கிறவருக்குச் சம்பளத் தேதி.

அப்படி எழுத ஒருவருக்கு வரி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்: "பாய், உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் பக்ரீத் வாழ்த்துகள். அத்தாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா, வந்து பார்க்கிறேன்." சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள் என்பது தனி.

டப்பாவின் அடியில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். பதினைந்து எவர்சில்வர் டப்பா ஒரே நாளில் ஒரே மாதிரி வெளியே போனால் திரும்பி வருவது பத்துதான். அதற்காகக் குழுவில் "டப்பாவைத் திருப்பித் தரவும்" என்று எழுதக் கூடாது, முந்தைய நாள் வாழ்த்து அதோடு போயிற்று. கொடுக்கும்போதே "கழுவாமல் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கூடையோடு மாடி மாடியாகப் போகலாம். வெறும் டப்பாவைத் திருப்பித் தர நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. பாதி டப்பாக்களில் கொஞ்சம் சர்க்கரையோ நான்கு முறுக்கோ இருக்கும், கூடையைக் கவிழ்க்காமல் இறக்குங்கள்.